கீ தப்பு சார்

பகலில் நீதிமன்ற வராந்தாவில் வாய்தா வாங்குவது என் தொழில். அந்த வருமானத்தை நம்பினால் வண்டிக்குப் பெட்ரோல் போடலாம், வீட்டுக்கு அரிசி வாங்க முடியாது. அதனால் சட்டத் தேர்வுகளுக்குத் தயார்செய்யும் ஒரு பயிற்சி மையத்துக்குக் கேள்வி எழுதிக் கொடுத்து, வகுப்பில் அதன் விடைகளையும் விளக்குகிறேன். கேள்விக்கு இவ்வளவு என்று கணக்கு. நாலு விடை கொடுத்து ஒன்றை டிக் அடிக்கச் சொல்லும் ரகம். நடந்ததை நாலைந்து வரியில் சொல்லும் கதைப் பகுதியை ஸ்டெம் என்போம். நல்ல ஸ்டெம்முக்கு ஒரே ஒரு விடைதான் இருக்கும். என்னுடையவற்றுக்கு இரண்டு இருக்கும். சிலவற்றுக்கு ஒன்றுகூட இருக்காது.

இந்தத் திறமை முழுதாக வெளிப்பட்டது தீங்கியல் சட்டத்தில், அதாவது பையன்கள் டார்ட்ஸ் என்று சொல்லும் பாடத்தில். அதிலும் மூன்று இடங்களில்: கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ், வோலன்டி நான் ஃபிட் இஞ்சூரியா, ரெஸ் இப்ஸா லோகிட்டர். முதலாவது, அடிபட்டவனும் தன் பங்குக்குக் கவனக்குறைவாக இருந்தான் என்பது. இரண்டாவது, ஆபத்தை மனமறிந்து ஏற்றுக்கொண்டவன் பிறகு நஷ்டஈடு கேட்டு வரமுடியாது என்பது. மூன்றாவது, விபத்து நடந்த விதமே கவனக்குறைவைக் காட்டிக்கொடுக்கிறது, தனியாகச் சாட்சி தேடவேண்டாம் என்பது. படிக்கும்போது மூன்றும் மூன்று திசையில் நிற்கும். ஸ்டெம் எழுத உட்கார்ந்தால் மூன்றும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்ளும்.

என் முதல் கேள்வித்தாளிலேயே அபத்தம். "பிரதிவாதி கீழ்க்கண்டவற்றுள் எந்த எதிர்வாதத்தை எழுப்பலாம்?" என்று கேட்டுவிட்டு, கீழே இந்த மூன்றையும் வரிசையாகப் போட்டு, நாலாவதாக 'கடவுள் செயல்' என்று நிரப்பியிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு அம்மா உட்காருவார். அரசு அலுவலகத்தில் வேலை, பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபிறகு சட்டம் படிக்க வந்தவர். கையை உயர்த்தினார்.

"சார், ரெஸ் இப்ஸா எதிர்வாதமே இல்லையே. அது வாதி சொல்றது. அப்ப இதுல மூணு ஆப்ஷன்தான் சார் இருக்கு."

அவர் சொன்னதுதான் சரி. மற்ற இரண்டும் பிரதிவாதியின் வாயிலிருந்து வருபவை. 'அவன்மேலும் தப்பு இருக்கிறது, தொகையைக் குறையுங்கள்' என்பது ஒன்று. 'அவனே ஒப்புக்கொண்டு வந்தவன், ஒரு பைசா தரமுடியாது' என்பது இன்னொன்று. இரண்டையும் நிரூபிக்கும் பொறுப்பு பிரதிவாதியுடையது. ரெஸ் இப்ஸா வாதியின் வாயிலிருந்து வருவது. அது சாட்சியத்தைச் சேர்ந்த ஒரு விதி. 'எப்படி நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும், அவர் பொறுப்பில் இருந்த பொருள் என் தலையில் விழுந்தது, அவரே விளக்கட்டும்' என்று கேட்கும் உரிமை. ஸ்டெம்மைப் படிக்கும் முன்பே கடைசி வரியைப் பார்த்து, வாதி என்ன சொல்லலாம் என்கிறதா, பிரதிவாதி என்ன சொல்லலாம் என்கிறதா என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கேள்வி எழுதியவன் அதைச் செய்யவில்லை.

சரி, ரெஸ் இப்ஸாவை ஒழுங்காகவே கேட்டுவிடுவோம் என்று பூந்தொட்டிக் கேள்வி எழுதினேன். நடைபாதையில் போகிறவர் தலையில் மூன்றாவது மாடியிலிருந்து பூந்தொட்டி விழுகிறது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குள் ஒரு சிறுகதை ஆசிரியன் உண்டு. அவன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். "வீட்டு வேலையாள் கைப்பேசியில் பேசிக்கொண்டே சுவரைத் துடைத்ததில் முழங்கை பட்டு" என்று ஒரு வரியைச் சேர்த்தான். அந்த வரியில் ரெஸ் இப்ஸா செத்துப்போனது. யார், எப்படித் தட்டிவிட்டார் என்பது தெரிந்துவிட்டால், நடந்தது தானாகப் பேசவேண்டிய தேவையே இல்லை. அது நேரடியாக நிரூபிக்கிற சாதாரணக் கவனக்குறைவு வழக்கு. காரணம் தெரியாமல் இருப்பதில்தான் இந்த விதிக்கு உயிர்.

1863-இல் லிவர்பூலில் நடந்த பைர்ன் எதிர் போடில் வழக்கில் அப்படித்தான். தெருவில் போனவர்மேல் ஒரு மாவு வியாபாரியின் கடைச் சன்னலிலிருந்து மாவுப் பீப்பாய் விழுந்தது. எப்படி விழுந்தது என்று சொல்ல யாருமில்லை. பீப்பாய் சும்மா உருண்டு சன்னல் வழியாக வராது என்ற நியாயத்தில் வாதி ஜெயித்தார். இரண்டு வருடம் கழித்து, லண்டன் துறைமுகக் கிடங்கில் சர்க்கரை மூட்டைகள் விழுந்த ஸ்காட் வழக்கில் இதற்கு நிபந்தனை வகுத்தார்கள். விழுந்த பொருள் பிரதிவாதியின் ஆளுகையில் இருக்கவேண்டும். ஒழுங்காகக் கவனித்திருந்தால் அப்படிப்பட்ட விபத்து சாதாரணமாக நடக்காது என்று இருக்கவேண்டும். பிரதிவாதி தரப்பிலிருந்து விளக்கம் இல்லாமல் இருக்கவேண்டும்.

இதைப் படித்துவிட்டுத் தொட்டிக் கேள்வியைத் திருத்தினேன். முழங்கையை எடுத்துவிட்டேன். தனி வீடு என்றால் சப்பென்று இருக்கிறதே என்று 'நாற்பது வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு' ஆக்கினேன். பொது மொட்டைமாடியில் தொட்டி. யார் வைத்தது என்று தெரியாது. வாதி வழக்குப் போட்டது 3பி வீட்டுக்காரர்மீது. இந்த முறை கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த பையனே எழுந்து, "ஆளுகை யாரோடது சார்?" என்றான். அவன் எழுந்த நேரம் பார்த்து நான் உட்கார்ந்தேன்.

பிறகு கற்பனையை மூட்டை கட்டிவிட்டு டெல்லிக்குப் போனேன். சாந்தினி சௌக் மணிக்கூண்டு வழக்கு, 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகராட்சிக்குச் சொந்தமான, நகராட்சியே பராமரித்த கூண்டு சரிந்து கீழே நின்றவர்கள் இறந்தார்கள். கட்டடத்துக்கு வயது எண்பது. அந்த வகைச் சாந்தில் கட்டிய கட்டடம் நாற்பது, நாற்பத்தைந்து வருடம்தான் நிற்கும் என்று சாட்சியம். உள்ளே இருந்த குறை வெளியில் தெரியவில்லை என்று நகராட்சி சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுவழியை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவருக்கு, தெரியும் குறை, தெரியாத குறை இரண்டுக்கும் பொறுப்பு உண்டு என்றது. உடைமை ஒருவரிடம், ஆளுகையும் அவரிடமே, விளக்கம் எடுபடவில்லை. இதற்கு மட்டும் யாரும் கை உயர்த்தவில்லை. ஏனென்றால் அது நான் எழுதிய கதை அல்ல.

என் அசல் அவமானம் வோலன்டியில் காத்திருந்தது. வகுப்பில் ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்திருந்தேன்: ஸ்டெம்மில் 'தெரிந்தே' என்ற சொல் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வோலன்டி போடுங்கள். பையன்கள் அதைக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டார்கள். அந்தக் குறுக்குவழிக்குப் பொருத்தமாக ஒரு கேள்வியும் தயாரித்தேன். நண்பன் குடித்திருப்பது தெரிந்தே ஒருவன் அவன் பைக்கின் பின்னால் ஏறுகிறான். வண்டி மீடியனில் மோதுகிறது. பின்னால் இருந்தவனுக்குக் கால் முறிகிறது. என் கீயில் வோலன்டி.

அந்த அம்மா கேட்டார்: "தெரிஞ்சிருந்தா சம்மதிச்சதா ஆயிடுமா சார்? எனக்குத் தெரிஞ்சுதான் தினம் அந்தப் பஸ்ல ஏறுறேன். அதுக்காக டிரைவர் இடிக்கலாம்னு சொல்லிட்டனா?"

1891-இல் ஸ்மித் எதிர் பேக்கர் வழக்கில் பிரபுக்கள் சபை சொன்னதும் இதேதான். ரயில் பாதை வேலையில் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்த தொழிலாளியின் தலைக்குமேல் கிரேன் கற்களைத் தூக்கிக் கொண்டுபோகும். அது அவருக்குத் தெரியும். சக தொழிலாளி அதைப் பற்றிப் புகார் சொன்னதையும் கேட்டிருக்கிறார். ஒருநாள் கல் விழுந்தது. ஆபத்து தெரிந்தும் வேலையில் தொடர்ந்ததால் மட்டும் அதற்குச் சம்மதித்தவர் ஆகமாட்டார் என்று தீர்ப்பானது. வோலன்டி எடுபட, ஆபத்து இருப்பது தெரிந்திருக்கவேண்டும். அது எவ்வளவு பெரியது என்பதும் புரிந்திருக்கவேண்டும். அதன்பிறகு, யாரும் நெருக்காமல், 'இதில் எனக்கு ஏதாவது ஆனால் உன்மேல் வழக்கு இல்லை' என்ற அளவுக்கு ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். கூலிக்காரனின் மௌனத்தை அந்த ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் 'தெரிந்தே' என்ற முதல் படியிலேயே கொடி நட்டுவிட்டு இறங்கி வந்திருக்கிறேன்.

குடிகார ஓட்டுநர் விஷயத்திலேயே இரண்டு வழக்குகள் இருக்கின்றன. 1939-இல் டான் எதிர் ஹாமில்டன்: ஓட்டுநர் குடித்திருப்பது தெரிந்து காரில் போன பெண்ணுக்கு நஷ்டஈடு கிடைத்தது, வோலன்டி ஏற்கப்படவில்லை. 1990-இல் மாரிஸ் எதிர் மர்ரே: இரண்டு பேர் மதியம் முழுக்கச் சேர்ந்து குடித்தார்கள். விமானிக்குப் பதினேழு விஸ்கிக்குச் சமமான சரக்கு உள்ளே போயிருந்தது. இருவரும் சின்ன விமானத்தில் ஏறினார்கள், புறப்படப் பயணியும் கூடமாட உதவினார், விமானம் விழுந்தது. அங்கே வோலன்டி எடுபட்டது; பயணிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றில் ஆபத்து இருக்கலாம் என்ற நிலை. மற்றதில் விழப்போகிறது என்பது ஊருக்கே தெரிகிற நிலை. ஒரு உள்குறிப்பு: இங்கிலாந்தில் பயணி விஷயத்தில் சாலை வாகன ஓட்டுநர் வோலன்டி சொல்லவே 1988-ஆம் வருடச் சாலைச் சட்டம் தடை போட்டிருக்கிறது. விமானத்துக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே அந்த ஊரில் என் பைக் கேள்விக்கு வோலன்டி விடையாகவே இருந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட பயணிக்கு அங்கே பெரும்பாலும் நேர்வது தொகைக் குறைப்பு. 1976-இல், சேர்ந்து குடித்துவிட்டுக் காரில் போன ஓவன்ஸ் என்பவருக்கு 20 சதவீதம் வெட்டினார்கள். அதாவது என் கேள்விக்குப் பொருத்தமான விடை, பக்கத்து ஆப்ஷனில் இருந்த கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ். கட்டம் போட்டு எழுதிய குறுக்குவழியை அழிக்கச் சொன்னேன். பேனாவில் எழுதியிருந்ததால் அடித்தார்கள். கொஞ்சம் அழுத்தியே அடித்தார்கள்.

இனி கான்ட்ரிபியூட்டரியிலாவது மானத்தைக் காப்போம் என்று, நம் ஊரில் தினம் பார்க்கிற டிரிபிள்ஸைக் கையில் எடுத்தேன். மூன்று பேர் ஒரே பைக்கில் போகிறார்கள். பின்னால் வேகமாக வந்த கார் இடிக்கிறது. நடுவில் இருந்தவர் இறக்கிறார். சட்டப்படி பின்னால் ஒருவர்தான் உட்காரலாம். ஆகவே பாதித் தப்பு இவர்களுடையது, தொகை குறையும் என்று கீ போட்டேன். சட்டத்தை மீறியவனுக்குக் கொஞ்சமாவது தண்டனை வேண்டாமா என்ற ஆசிரிய மனப்பான்மை.

தண்டனை எனக்குக் கிடைத்தது. 2020 ஜனவரியில் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது கிட்டத்தட்ட இதே கதை. பைக்கில் மூன்று பேர், பின்னாலிருந்து இடித்த கார், இறந்த இளைஞன். டெல்லி உயர் நீதிமன்றம் மூன்று பேர் போனதற்காக 10 சதவீதம் பிடித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்தப் பிடித்தத்தை நீக்கிவிட்டது. மூன்று பேர் போனது சட்டமீறல்தான், அதற்கு அபராதம் வேறு. ஆனால் அதனால்தான் மோதல் நடந்தது, அல்லது அதனால்தான் அடி அதிகமானது என்று காட்டாமல், கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ் என்று தொகையில் கைவைக்க முடியாது. மூன்றாவது ஆள் ஹேண்டில்பாரை இடித்தார், அதனால் வண்டி ஆடிக்கொண்டே போனது என்று ஸ்டெம்மில் ஒரு வரி இருந்தால் கதை வேறு. பூந்தொட்டியில் தேவையில்லாமல் ஒரு வரி சேர்த்தவன், தேவைப்பட்ட இடத்தில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன்.

இதை அளந்து பார்க்க டென்னிங் பிரபு 1975-இல் ஃப்ரூம் எதிர் புட்சர் வழக்கில் ஒரு அளவுகோல் கொடுத்தார். காரில் பெல்ட் போடாதவர் வழக்கு. போட்டிருந்தால் காயமே ஆகியிருக்காது என்றால் 25 சதவீதம் குறை. காயம் கொஞ்சம் லேசாகியிருக்கும் என்றால் 15 சதவீதம். போட்டிருந்தாலும் இதே காயம்தான் என்றால் ஒன்றும் குறைக்காதே. பத்து லட்சம் வரவேண்டியவருக்கு முறையே ஏழரை லட்சம், எட்டரை லட்சம், முழுப் பத்து லட்சம். அவர் பெல்ட் போடவில்லை என்ற உண்மை மூன்றிலும் ஒன்றேதான். மாறுவது, அதற்கும் காயத்துக்கும் உள்ள முடிச்சு. ஹெல்மெட் இல்லாமல் போனவருக்குக் கால் முறிந்தது என்று ஸ்டெம் சொன்னால், ஹெல்மெட் ஒரு தூண்டில் புழு. என் பழைய தாள்களில் அந்தப் புழுவை நானே கடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன்.

இன்னொரு சின்ன விபத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய கைடு ஒன்றைப் பார்த்து, 'கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ் நிரூபிக்கப்பட்டால் வாதிக்கு ஒன்றும் கிடைக்காது' என்று கீ போட்டேன். அது 1809-இல் பட்டர்ஃபீல்டு வழக்கு காலத்து நிலை. சாலையின் குறுக்கே கம்பு வைத்திருந்தார்கள், வாதி குதிரையைக் கண்மண் தெரியாமல் விரட்டி வந்து விழுந்தார், வெறுங்கையோடு போனார். இங்கிலாந்து 1945-இல் சட்டம் போட்டு அதை மாற்றி, தப்பின் பங்குக்குத் தக்கபடி தொகையைக் குறைக்க வழிசெய்தது. நம் நீதிமன்றங்களும் பங்கு பிரித்துத்தான் குறைக்கின்றன. நூற்றாண்டு கணக்கில் பின்தங்கியிருந்தது நான் மட்டும்.

கடைசியில், மூன்றையும் ஒரே களத்தில் பிரித்துக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டு ஜல்லிக்கட்டை எடுத்தேன். முழுக்கக் கற்பனை. முதல் ஸ்டெம்மில், பெயர் பதிந்து, பனியன் வாங்கிக்கொண்டு வாடிவாசல் முன் நிற்கும் மாடுபிடி வீரர். காளை தூக்கி வீசுகிறது, தொடையில் கொம்பு. விழா நடத்துபவர்மேல் வழக்கு. விடை வோலன்டி. காளை குத்தும் என்பது அந்த விளையாட்டோடு சேர்ந்த ஆபத்து, அவர் அதைத் தேடித்தான் வந்தார். மூன்றாவது பெஞ்ச் தலையாட்டியது. எனக்குக் கண்ணில் நீர் வராத குறை.

இரண்டாவது ஸ்டெம்மில் பார்வையாளர். மாடம் கட்டி உட்காரவைத்திருக்கிறார்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது மாடம் சரிகிறது, கை முறிகிறது. ஏன் சரிந்தது என்று யாரும் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் இதற்கும் வோலன்டி என்று எழுதி, பிரிண்டுக்குப் போகும் முன் அடித்துத் திருத்தினேன். அவர் மாட்டைப் பார்க்கத்தான் வந்தார், கயிறு சரியாகக் கட்டாத மாடத்துக்கு ஒப்புக்கொள்ள வரவில்லை. மாடம் கட்டியது விழாக்காரர், பொறுப்பு அவரிடம், ஒழுங்காகக் கட்டிய மாடம் உட்கார்ந்திருப்பவர்களோடு சரியாது. விடை ரெஸ் இப்ஸா. இதுவும் தேறியது.

மூன்றாவதில் அதே மாடம். நிரம்பிவிட்டது, இனி யாரும் ஏறாதீர்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் வெளிப்பக்கக் கம்பைப் பிடித்து ஏறித் தொற்றிக்கொள்கிறார். மாடம் சரிகிறது, இவர் அடியில் சிக்குகிறார். மாடத்தைச் சரியாகக் கட்டவில்லை என்பதும் நிரூபணமாகிறது. விடை கான்ட்ரிபியூட்டரி. கட்டியவர் தப்பு பாதி, ஏறியவர் தப்பு மீதி, நீதிமன்றம் பங்கு பிரிக்கும். காரணம் தெரிந்துவிட்டதால் ரெஸ் இப்ஸா வேண்டாம். மோசமாகக் கட்டியதை அவர் ஏற்றுக்கொண்டு ஏறவில்லை, ஆகவே வோலன்டியும் இல்லை.

பெருமையோடு நிமிர்ந்தேன். மூன்றாவது பெஞ்சில் கை உயர்ந்தது.

"சார், நீங்க இப்பச் சொல்லும்போது 'சரியாக் கட்டலைன்னு நிரூபணமாச்சு'ன்னு சொன்னீங்க. பிரிண்ட்ல அந்த வரி இல்ல சார்."

தாளை வாங்கிப் பார்த்தேன். இல்லை. அந்த வரி இல்லாவிட்டால், இவர் தொற்றிய பாரத்தால்தான் மாடம் சரிந்தது என்று விழாக்காரர் சொல்லலாம். அது நிரூபணமானால் விழாக்காரர்மேல் தப்பே இல்லை, பங்கு பிரிக்கவும் ஒன்றுமில்லை. நாலு ஆப்ஷனில் 'இவற்றில் எதுவுமில்லை' என்பதை நான் வைக்கவும் இல்லை. எல்லாருக்கும் அந்த ஒரு மதிப்பெண்ணைப் போடச் சொன்னேன்.

மாத முடிவில் மைய நிர்வாகி, கீ மாறிய கேள்விகளுக்கெல்லாம் பணம் கிடையாது என்று கணக்கு நீட்டினார். எனக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டான். கையெழுத்துப் பிரதியில் அந்த வரி இருந்தது, டைப் செய்தவர் விட்டிருக்கிறார். தாளை ஒரே ராத்திரியில் கேட்டவரும் நீங்கள். ஆகவே உங்கள்மேலும் கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ் உண்டு, பாதியைத்தான் பிடிக்கலாம் என்று ஆணித்தரமாக வாதாடினேன். நிர்வாகி யோசிக்கத் தொடங்கிவிட்டார். ஃபீஸ் கட்டுவதற்காகப் பக்கத்தில் ரசீதோடு நின்றுகொண்டிருந்த அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்:

"சார், இது டார்ட்டே இல்ல. கான்ட்ராக்ட்."